கலைச்சொல்: ஆன் ஒன்ஸ், ஆன் டூஸ் – ‘ஒற்றைப்பிடி, இரட்டைப்பிடி’ சரியா?

காவேரிப்பட்டணத்து ஓவியன்:
வணக்கம். கையால் வரையும் குறும்படம் ஒன்றில், பாட்டி களி கிண்டுகிற 4 நொடிக் காட்சி வருகிறது. நொடிக்கு 24 ஃபிரேம். ஃபிரேமுக்கு ஒரு படம் வரைந்தால், அதாவது ஆன் ஒன்ஸ், 96; ஒரே படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால், அதாவது ஆன் டூஸ், 48. எந்தப் படம் எத்தனை ஃபிரேம் நிற்க வேண்டும் என்று குறிக்கும் டோப் ஷீட்டை, உதவிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தமிழில் எழுதித் தர வேண்டும். கேமரா ஒரு படத்தை எத்தனை முறை பிடிக்கிறதோ அதை வைத்து ‘ஒற்றைப்பிடி’, ‘இரட்டைப்பிடி’ என்று எழுதுகிறேன். வேறு நல்ல சொல் இருக்கிறதா?

ஓசூர் எடிட்டர்:
அண்ணே, இதற்குச் சொல்லே வேண்டாம். மென்பொருளில் நொடிக்கு 12 என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அதுதானே இது?

தருமபுரி வீடியோக்காரர்:
நாங்கள் கல்யாணத்துக்கு இரண்டு கேமரா வைப்பதைத்தான் இரட்டைப்பிடி என்கிறீர்கள் என்று நினைத்தேன்! ஒரு சந்தேகம்: நான் 25 ஃபிரேமில் எடுப்பவன். 25-ஐ இரண்டால் எப்படி வகுப்பீர்கள்?

பாலக்கோடு பெரியவர்:
ஓசூர் தம்பி சொல்வது பாதி சரி. படம் முழுக்க இரண்டிலேயே ஓடினால் 12 போதும். ஆனால் ஒரே காட்சிக்குள் உடம்பு நிற்கும், கை இரண்டில் ஓடும், ஏதோ ஒரு வீச்சு மட்டும் ஒன்றில் வரும். 12-இல் பூட்டிவிட்டால் அந்த ஒன்றுக்கு இடமில்லை. பின்னணியைப் பக்கவாட்டில் நகர்த்தும்போதும் மாட்டிக்கொள்வீர்கள். பின்னணி ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர, நடப்பவர் இரண்டில் இருந்தால், ஊன்றிய கால் தரையில் வழுக்கி வழுக்கித் துடிக்கும். அங்கே நடையையும் ஒன்றில் வரைய வேண்டும்.

தருமபுரித் தம்பி, 25-இல் கடைசிப் படம் ஒரு ஃபிரேமோடு நின்றுவிடும், அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாது.

களிக்கு வருகிறேன். 48 படமும் வேண்டாம். உடம்பு ஒரே படம். துடுப்பும் கைகளும் ஒரு சுற்றுக்கு 12 படம், இரண்டிரண்டாக 24 ஃபிரேம். அதையே நான்கு முறை சுற்றவிடுங்கள். ஆவிக்கு 6 படம், நான்கு நான்கு ஃபிரேமாக. கண் இமைக்க 3. மொத்தம் 22. தோளில் கை ஒட்டும் இடத்தைச் சேலைத் தலைப்பு மறைக்கட்டும். ஹன்னா–பார்பெராவின் யோகி கரடிக்குக் கழுத்தில் காலரும் டையும் இருப்பது இதே தந்திரம்தான். உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் மாற்றலாம்.

இதில் மலிவு தெரிவது படம் குறைந்ததால் அல்ல, 12 படத்தையும் சம இடைவெளியில் வைப்பதால். அப்படி வைத்தால் பாட்டி தண்ணீரைக் கலக்குவதுபோல இருக்கும். களி கனம். துடுப்பை அழுத்தித் தள்ளும் பாதிக்கு 8 படத்தை நெருக்கமாக வையுங்கள், திரும்பி வர 4 போதும்.

காவேரிப்பட்டணத்து ஓவியன்:
ஐயா, அப்படியே செய்தேன். கனம் வந்துவிட்டது. ஆனால் சுற்றுக்கு ஒருமுறை துடுப்பு லேசாக விக்குகிறது.

பாலக்கோடு பெரியவர்:
12-ஆம் படம் முதல் படத்தைப் போலவே இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த நிலை 4 ஃபிரேம் நிற்கும். 12-ஆவது, முதலாவதற்கு ஒரு படி முந்தைய நிலையாக இருக்க வேண்டும்.

பென்னாகரம் தமிழாசிரியை:
‘பிடி’ என்றால் பெண் யானையும்தான். எங்கள் பக்கம் டோப் ஷீட்டில் ‘இரட்டைப்பிடி’ என்று பார்த்தால் காட்டுக்குள் இரண்டு யானை என்றுதான் பிள்ளைகள் வரைவார்கள். ‘ஒருநிற்பு, இருநிற்பு’ எப்படி? ‘முந்நிற்பு’ என்று நீட்டவும் வசதி.

ஓசூர் எடிட்டர்:
சங்கீதத்தில் ‘இரண்டாம் காலம்’ இருக்கிறதே, அக்கா?

பென்னாகரம் தமிழாசிரியை:
அது இரு மடங்கு வேகம், தம்பி. இங்கே எண் ஏற ஏறப் படம் மாறுவது மெதுவாகிறது. தலைகீழாகிவிடும்.

காவேரிப்பட்டணத்து ஓவியன்:
விக்கல் போய்விட்டது, ஐயா. அதே படம்தான் காரணம்.

அடுத்து உருண்டை. ஈரத் தட்டில் களியைத் தூக்கிப் போட்டு உருட்டுவாள். மேலே போய் விழ 8 ஃபிரேம். இரண்டில் 4 படம் வரைந்தேன். ஒரு உருண்டை பறக்காமல், நான்கு உருண்டை தொங்குவதுபோல இருந்தது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உருண்டையின் அகலத்தை விடப் பெரிய இடைவெளி. கண் அதை இணைக்கவில்லை. அந்த 8 ஃபிரேமை மட்டும் ஒன்றில் வரைந்தேன், கூடுதல் செலவு 4 படம்தான். கிண்டும்போது மிச்சம் பிடித்தது இங்கே உதவியது.

டோப் ஷீட்டில் இப்போதைக்கு ‘இருநிற்பு’ எழுதிப் பார்க்கிறேன். ஆனால் பிள்ளைகளில் ஒருத்தி நேற்று, “அண்ணா, நிற்புன்னா படம் அப்படியே நிக்கணுமா?” என்று கேட்டாள். உடம்பு அசையாமல் இருக்கும் இடத்தையும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பாலக்கோடு பெரியவர்:
அதனால்தான் எனக்கு ‘பிடி’யே பிடித்திருக்கிறது. யானை வந்தால் வரட்டும். இப்படிக் குறைந்த படங்களை வைத்தே அசைவு காட்டும் லிமிடெட் அனிமேஷனுக்கு யாராவது சொல் வைத்திருக்கிறீர்களா? ‘சிக்கன அசைவூட்டம்’ மட்டும் வேண்டாம், தள்ளுபடி விற்பனைபோல இருக்கிறது.