தையல் மெஷினிடம் பேசப்போய் ஒப்பாரி ஆன கதை: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

பாதிநூல்:
அப்பா டெய்லர். அவர் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கடையைக் காலி செய்யும்போது மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாகப் போட்டேன். அதைப் பார்த்து எழுதிய கவிதையை ஒரு சின்னக் கூட்டத்தில் வாசித்தேன். ஆரம்பம் இப்படி:

ஓ என் அப்பாவின் இயந்திரமே!
நீயும் அழுகிறாயோ மௌனமாக?
துருப்பிடித்தது உன் ஊசி மட்டுமா,
என் இதயமும்தானே!

வாசிக்கும்போதே எனக்குக் கூசிவிட்டது. இரண்டு பேர் கைதட்டினார்கள், ஒருவர் எழுந்து டீ குடிக்கப் போனார். உண்மையில் ஊசி துருப்பிடிக்கவே இல்லை, கடைசி நாள் வரை எண்ணெய் போட்டு வைத்திருந்தார் மனிதர். இல்லாத ஒருவரிடமோ ஒரு பொருளிடமோ நேராகப் பேசி எழுதியவர்கள், எங்கே வழுக்கினீர்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

ரயிலடி:
ரொம்ப சிம்பிள். "ஓ"வை வெட்டு, "ஏ"யை வெட்டு, ஆச்சரியக்குறியை வெட்டு. நான் ரயில்வே பிளாட்பாரத்துக்கு எழுதிய கவிதையில் பதினோரு ஆச்சரியக்குறி இருந்தது, எல்லாவற்றையும் எடுத்ததும் பாதி சரியாகிவிட்டது. இன்னொன்று, செத்தவரிடம் நேரடியாகப் பேசவே கூடாது. சங்கப் பாட்டில் யாராவது அப்படிப் பேசுகிறார்களா? பூவிடம் பேசுவார்கள், வண்டிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். முல்லையைப் பார்த்து "பூத்தியோ" என்று கேட்கும் புறநானூற்றுப் பாட்டைப் படியுங்கள்.

பழைய இரும்பு:
மெஷின் ஓடுகிற நிலையில் இருக்கிறதா? சும்மா நிறுத்தி வைத்தால் தோல் பெல்ட் இறுகி வெடித்துவிடும். வாரம் ஒரு தடவை மிதித்து ஓட்டுங்கள். பாபினில் நூல் இருந்தால் எடுத்துவிடுங்கள், நாள்பட்ட நூல் அறுந்துகொண்டே இருக்கும். கவிதை பற்றித் தெரியாது, மன்னிக்கவும்.

கொடிக்கால்:
ரயிலடி சொன்ன பாட்டு 242, குடவாயிற் கீரத்தனார் பாடியது. உதாரணம் சரிதான், ஆனால் அதிலிருந்து எடுத்த பாடம் பாதிதான் சரி.

அந்தப் பாட்டு மொத்தம் ஆறு அடி. முதல் மூன்று அடியில் யாரையும் கூப்பிடவே இல்லை. இளையோர் சூடார், வளையோர் கொய்யார், பாணன் சூடான், பாடினி அணியாள். பூவை வைத்து ஊரில் வழக்கமாக நடப்பவை நான்கு, நான்கும் நின்றுபோயின, அவ்வளவுதான் தகவல். அப்புறம் ஒல்லையூர் வீரன் சாத்தன் மாய்ந்தான் என்ற செய்தி வருகிறது. கடைசி அடியில்தான் "முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே". கூப்பிடுவதற்கான காரணத்தை முழுக்கச் சேர்த்து வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார். பாதிநூல் நேர் எதிராகச் செய்திருக்கிறார். நாம் இன்னும் உள்ளே வந்து செருப்பைக் கழற்றவே இல்லை, அதற்குள் "ஓ இயந்திரமே" என்கிறார்.

நான் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. "பூத்தியோ" என்பதை "பூத்ததோ" என்று மாற்றிப் படியுங்கள். மாற்றினால் வெறும் விசாரிப்பு ஆகிவிடும். "பூத்தியோ"வில் முல்லை எதிரே நிற்கிறது, "நீயுமா?" என்ற சின்னக் கோபம் அதன் மேல் விழுகிறது. அந்த "உம்"மிலேயே ஊர் முழுக்க அடங்கிப்போனது தெரிகிறது. ஆக அங்கே விளி வேலை செய்கிறது. உங்கள் "நீயும் அழுகிறாயோ"வை "அதுவும் அழுகிறதோ" என்று மாற்றிப் பாருங்கள், ஒன்றும் குறையாது. அப்படியென்றால் அந்த "நீ" வெறும் அலங்காரம்.

அப்புறம் செத்தவரிடம் பேசுவதே இல்லை என்பது தவறு. புறநானூறு 255, வன்பரணர் பாடியது. இறந்து கிடக்கும் கணவனிடம் மனைவி பேசுகிறாள். ஐயோ என்று கத்தினால் புலி வந்துவிடுமோ என்று பயம், அணைத்துத் தூக்கலாம் என்றால் உன் அகன்ற மார்பைத் தூக்க என்னால் முடியாது, என் முன்கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நடந்து வா, மலை நிழலுக்குப் போய்விடலாம். நடுவில் கூற்றுவனுக்கு ஒரு சாபம் இருக்கிறது, ஆனால் "நடந்திசின் சிறிதே" என்றுதான் முடிகிறது. "ஐயோ" என்ற சொல்லே அந்தப் பாட்டின் முதல் சொல், இருந்தும் மிகையாக இல்லை. ஏனென்றால் அவளுக்கு உடனடியாகத் தீர்க்கவேண்டிய ஒரு காரியம் இருக்கிறது: அவனை வெயிலிலிருந்து நகர்த்தணும்.

செம்பருத்தி:
"ஒப்பாரி ஆகிவிட்டது" என்பதைத் திட்டு மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. தாத்தா இறந்தபோது ஆச்சி பாடியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். தங்கரதம், பவளத்தேர், எல்லோரும் எல்லா வீட்டிலும் பாடுகிற வரிகள்தான். பாடிக்கொண்டே வந்தவள் திடீரென்று, அதே ராகத்தில், "மோட்டார் ரூம்பு சாவிய எங்க வச்சீங்க, தண்ணி பாயாமக் கெடக்கே" என்றாள். கூட அழுத பெண்கள் ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்த இடத்தில்தான் அழுகை வந்தது. சாவி நிஜமாகவே மூன்று நாள் கிடைக்கவில்லை, அது வேறு கதை. ஆச்சி தங்கரதத்தையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வரிகள் இல்லாமல் சாவி மட்டும் தனியாக வந்திருந்தால் இப்படித் தாக்கியிருக்குமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ரயிலடி:
255 எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆச்சரியக்குறியை எடுக்கச் சொன்னதிலிருந்து பின்வாங்க மாட்டேன்.

பாதிநூல்:
மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மெஷினை விட்டுவிட்டு நேராக அப்பாவிடமே பேசலாம் என்று "நீ எங்கே போனாய்" என்று எழுதினேன். அப்போதுதான் உறைத்தது, வாழ்நாளில் ஒரு தடவைகூட அவரை "நீ" என்று சொன்னதில்லை. எப்போதும் "நீங்க"தான், அதுவும் முகம் பார்க்காமல். காகிதத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த "நீ"? அந்த உரிமை சினிமாப் பாட்டிலிருந்து கடன் வாங்கியது. "நீங்கள்" என்று போட்டால் ஏதோ பாராட்டு விழா மேடை மாதிரி விறைத்துப்போகிறது.

சரி, மறுபடியும் மெஷினுக்கே வந்தேன். "பழைய இரும்பு" அண்ணன் சொன்னாரே என்று பாபினைக் கழற்றினால் பாதி நூல் நீலத்தில் இருந்தது. இப்போது இப்படி நிற்கிறது:

பாபினில் பாதி நீல நூல்.
பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் இல்லை.
அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
இரண்டு ஜாக்கெட், ஒரு காக்கி.
நீலம் யாருக்குத்
தைத்துக்கொண்டிருந்தாய்?

கொடிக்கால்:
இது வேறு ஆள் எழுதியது மாதிரி இருக்கிறது. மெஷினுக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒன்றைக் கேட்கிறீர்கள், அதற்குத் தெரியாத அழுகையைக் கேட்கவில்லை. ஒரு சந்தேகம். கடைசி "தைத்துக்கொண்டிருந்தாய்" மெஷினுக்கா, அப்பாவுக்கா? எனக்கு இரண்டு பக்கமும் ஆடுகிறது. அதற்கு முன்னால் ஒரு வரியில் மெஷினை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம்.

செம்பருத்தி:
சொல்லவே வேண்டாம். ஆடட்டும். அவர் அப்பாவை "நீ" என்று கூப்பிடக் கிடைத்த ஒரே சந்து அதுதான்.

கொடிக்கால்:
அவருடைய "நீங்க" கதை நமக்குத் தெரியும், கவிதையை மட்டும் படிப்பவருக்குத் தெரியாதே. அவர்களுக்கு அது குழப்பமாகத்தான் இருக்கும்.

பழைய இரும்பு:
நீலம் என்றால் எந்த நீலம்? நேவியா, ஆகாய நீலமா? நேவி என்றால் யூனிஃபார்மாக இருக்கணும் என்று இல்லை, பேண்ட் ஆல்டரேஷனுக்கும் அதைத்தான் போடுவோம். ஆல்டரேஷனை யாரும் அளவு நோட்டில் எழுத மாட்டார்கள்.

பாதிநூல்:
நேவிதான் அண்ணே.