25 நாள் பிராய்லர்: கால் மடங்கி உட்காருகிறது, வயிறு நிறைய நீர், தினமும் சாவு. உதவி தேவை

தளி பண்ணைக்காரன்:
வணக்கம். ஓசூர் பக்கம் தளியில் சொந்தமாக 1,500 பிராய்லர் வளர்க்கிறேன். கம்பெனி ஒப்பந்தம் கிடையாது, தீவனமும் நானே அரைக்கிறேன். இன்று 25-ஆம் நாள். 19-ஆம் நாளிலிருந்து சாவு தொடங்கியது. முதலில் ஒன்று இரண்டு, இப்போது தினம் எட்டு ஒன்பது. அதுவும் நன்றாக எடை ஏறிய சேவல்கள்தான் அதிகம் போகின்றன.

இரண்டு விதமாகப் பார்க்கிறேன். சில கோழிகள் கால் மடங்கி, றெக்கையை ஊன்றி நகர்கின்றன. வேறு சில, கொண்டை நீலம் பாய்ந்து, வயிறு தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கின்றன. தூக்கினால் வயிறு தண்ணீர்ப் பை மாதிரி தளும்புகிறது. ஒன்றை அறுத்துப் பார்த்தபோது ஒரு டம்ளர் மஞ்சள் நீர் வந்தது, கூடவே ஜெல்லி மாதிரி கட்டிகள்.

இரவில் கடுங்குளிர் என்பதால் படுதாவை முழுக்க இறக்கிவிட்டு கரி அடுப்பு வைக்கிறேன். ஐந்து நாளாகக் கால்சியம் டானிக் கொடுத்தும் பலன் இல்லை. என்ன நோய் இது?

குமார் (உடுமலை):
அண்ணா, இது லீச்சி நோய். எங்கள் ஊரில் ஒரு பேட்ச் முழுக்கப் போனது. நீர் என்றாலே அதுதான். மீதிக் கோழிக்குத் தடுப்பூசி போட முடியுமா என்று கேளுங்கள்.

பல்லடம் வளர்ப்பாளர்:
எனக்கும் இதே பிரச்சனைதான். 20-ஆம் நாளில் நல்ல கோழி திடீரென றெக்கையை அடித்துக்கொண்டு மல்லாந்து செத்துவிடுகிறது, காலையில் போனால் கால் இரண்டும் மேலே. வயிற்றில் நீர் இல்லை, இரைப்பை நிறையத் தீவனம். இதற்கும் வழி சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
பல்லடம் தம்பி, உங்களுடையது வேறு. அது இதயம் சட்டென்று நின்றுபோவது. அதைத் தனியாகக் கேளுங்கள், இங்கே கலக்க வேண்டாம்.

குமார் சொன்னதையும் தள்ளிவிட முடியாது, ஆனால் பிரித்துப் பார்க்க வழி உண்டு. லீச்சியில் நீர் இதயத்தைச் சுற்றிய பைக்குள் கட்டும், தோலுரித்த லிச்சிப் பழம் மாதிரி இருக்கும். அது வைரஸ், சாவு சட்டென்று ஏறும், சேவல் பெட்டை பார்க்காது. இங்கே நீர் வயிற்றில் இருக்கிறது, வேகமாக வளர்ந்த சேவல்கள் போகின்றன.

தளி தம்பி, நாளை சாகும் கோழிகளில் மூன்றை அறுங்கள். இதயத்தைக் குறுக்கே வெட்டி வலப்பக்கச் சுவரைப் பாருங்கள். நலமான கோழியில் அது மெல்லியதாக, தொய்வாக இருக்கும். தடித்துப் பெருத்திருந்தால் இது தண்ணி வயிறுதான். அப்புறம் கால் மடங்கும் கோழியின் காலெலும்பை உரித்து ஒடித்துப் பாருங்கள். 'பட்'டென்று ஒடிகிறதா, வளைகிறதா? தீவனத்தில் 100 கிலோவுக்கு என்னென்ன போடுகிறீர்கள் என்று அளவோடு எழுதுங்கள்.

தளி பண்ணைக்காரன்:
மூன்றையும் அறுத்தேன் சார். இரண்டில் வயிறு நிறைய நீர், வலப்பக்கச் சுவர் நன்றாகத் தடித்துவிட்டது. இதயப் பையில் கொஞ்சம்தான் நீர். மூன்றாவது கால் மடங்கியது; வயிற்றில் நீர் இல்லை, ஆனால் எலும்பு பச்சை வேப்பங்குச்சி மாதிரி வளைந்தது, ஒடியவே இல்லை.

12-ஆம் நாளிலிருந்து போடும் தீவனம்: சோளம் 58 கிலோ, சோயா 28, கருவாட்டுத் தூள் 10, எண்ணெய் 2, கிளிஞ்சல் தூள் ஒன்றரை, உப்பு 400 கிராம், வைட்டமின் மிக்ஸ். பாஸ்பரஸுக்காகப் போடும் டிசிபி தூள் விலை ஏறியதால் நிறுத்திவிட்டேன், கருவாட்டு முள்ளில் பாஸ்பரஸ் இருக்கிறதே என்று.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
அப்படியானால் உங்களிடம் இரண்டு நோய். முதலில் உயிரை எடுக்கும் வயிற்றைப் பார்ப்போம்.

இந்தக் கோழியின் சதை வளரும் வேகத்துக்கு நுரையீரல் ஈடு கொடுக்காது. பறவையின் நுரையீரல் விலாவோடு ஒட்டியிருக்கும், விரியாது. காற்று போதாவிட்டால் இதயம் அதே குறுகிய குழாய்களில் இன்னும் அதிக ரத்தத்தைத் தள்ளப் பார்க்கும். வலப்பக்கம் தடிக்கும். அங்குள்ள வால்வும் அதே தசைதான் என்பதால் அதுவும் தடித்து மூடாமல் கசியும். ரத்தம் பின்னோக்கித் தேங்கி, ஈரலிலிருந்து நீர் வயிற்றில் வடியும். காற்று மெலிந்த பொலிவியா மலைப் பகுதிகளில் இதை முன்பே கவனித்தார்கள். தளி அவ்வளவு உயரமில்லை, ஆனால் உங்கள் ஷெட்டில் மலையின் காற்றையே உருவாக்கிவிட்டீர்கள். மூடிய படுதா, கரிப் புகை, அம்மோனியா, அதோடு குளிர்.

இப்போது உப்புக் கணக்கு. உப்புக் கருவாட்டில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு உப்பு இருப்பது சாதாரணம். 12 என்றே வைத்துக்கொண்டால், 10 கிலோ கருவாட்டில் 1.2 கிலோ. நீங்கள் போட்ட 400 கிராமையும் சேர்த்தால் 100 கிலோவுக்கு 1.6 கிலோ. தேவை 300 முதல் 400 கிராம்தான். நான்கு மடங்கு. உப்பு ஏறினால் ரத்தத்தின் அளவு பெருகும், இதயத்துக்குப் பாரம் கூடும். கோழி தண்ணீரும் அதிகம் குடிக்கும், எச்சம் நீர்க்கும், கூளம் நனையும், அம்மோனியா கிளம்பும். அதுவே மறுபடி நுரையீரலுக்குத்தான் போகிறது. உட்கார்ந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் அவற்றுக்கு இருபத்து நாலு மணி நேரமும் அதுதான்.

இன்றே கருவாட்டையும் தனி உப்பையும் நிறுத்துங்கள். கருவாட்டுப் புரதத்துக்கு ஈடாகச் சோயா கூட்டுங்கள். 3 நாள் கழித்து உப்பு 300 கிராம் மட்டும். படுதாவை மேலே ஓர் அடி திறந்தே வையுங்கள். காற்று கூரைப் பக்கம் போகட்டும், கோழி மேல் நேராக விழக் கூடாது. நனைந்த கூளத்தை அள்ளி உலர்ந்த நார்த்தூள் போடுங்கள். இரவில் 6 மணி நேரம் விளக்கை அணையுங்கள். தின்பதும் வளர்வதும் கொஞ்சம் தணியும்.

ஏற்கெனவே வயிறு தொங்கியவை தேறாது, ஒதுக்கிவிடுங்கள். ஊசியால் நீரை எடுக்காதீர்கள், மறுநாளே நிரம்பும்.

கால் வளைவது பாஸ்பரஸ் குறை என்றுதான் படுகிறது. கால்சியம் டானிக் இங்கே கெடுதல்தான் செய்யும். பாஸ்பரஸ் குறைவாக இருக்கும்போது கால்சியத்தைக் கூட்டினால் இருப்பதும் உடம்பில் சேராது. டானிக்கை நிறுத்தி டிசிபி 100 கிலோவுக்கு ஒன்றரை கிலோ சேருங்கள், கிளிஞ்சலை ஒரு கிலோவுக்குக் குறையுங்கள், தண்ணீரில் வைட்டமின் டி3 ஐந்து நாள் கொடுங்கள். வைட்டமின் மிக்ஸ் எப்போது வாங்கியது?

மலர் (தர்மபுரி):
சார், படுதா திறந்தால் குளிரில் மூட்டையாகக் கூடி ஒன்றையொன்று நசுக்கிச் சாகாதா? போன மார்கழியில் எனக்கு ஒரே இரவில் நாற்பது போனது. குளிரும் இதே நோயைத் தரும் என்று நீங்களே சொல்கிறீர்கள்.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
நியாயமான பயம்மா. அதனால்தான் மேலே மட்டும். அடுப்பு எரியட்டும், ஆனால் புகை வெளியேற வழி வேண்டும். கோழிகள் கூடினால் சூட்டைக் கூட்டுங்கள், படுதாவை மூடாதீர்கள். அடுத்த பேட்சுக்கு முதல் வாரம் 32–33 டிகிரி, வாரத்துக்கு 3 டிகிரி குறைத்து வந்தால் இந்தச் சங்கடம் பாதி குறையும்.

தளி பண்ணைக்காரன்:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். முதல் 3 நாள் சாவு குறையவே இல்லை, ஐந்தாம் நாளிலிருந்து நாலு, இப்போது ஒன்று அல்லது இரண்டு. கூளம் காய்ந்துவிட்டது, ஷெட்டுக்குள் போனால் கண் எரிவதில்லை. நாமக்கல் கால்நடைக் கல்லூரித் தீவனக் கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன், கருவாட்டில் உப்பு 14 சதவீதம் என்று வந்திருக்கிறது. வைட்டமின் மிக்ஸ் வாங்கி ஒன்றரை வருடம், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது.

மடங்கிய கால்களில் பாதிதான் தேறின. மீதி இன்னும் ஊன்றி நடக்கவில்லை. சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன், முடிவு வரவில்லை.

கால்நடை மருத்துவர் (ஓய்வு):
அதற்குள் நடக்காத ஒன்றை அறுத்து, தொடை எலும்பின் தலையை இடுப்புக் குழியிலிருந்து கழற்றிப் பாருங்கள். நொறுங்கியோ சீழோடோ இருந்தால் அது கிருமி, டிசிபி அதைத் தொடாது. ஈரலின் நிறத்தையும் எழுதுங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சோளத்தைச் சந்தேகிக்கலாம்.