ஆரி வேலைக்கும் தையலுக்கும் உத்யம் பதிவில் எந்த NIC எண்?

குழுவில் இருக்கும் அக்காக்களுக்கு வணக்கம். உத்யம் பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஆதார், பான் எல்லாம் முடிந்தது. NIC பட்டியலில்தான் நிற்கிறேன்.

என் வேலை இதுதான். வாடிக்கையாளர் துணி கொண்டுவருவார், அளவெடுத்து பிளவுஸ் தைத்துத் தருவேன். இப்போது வருமானத்தில் பெரும்பங்கு ஆரி வேலையிலிருந்து வருகிறது: கழுத்துக்கும் கைக்கும் ஜரிகை நூல், மணி, கல் வைத்துக் கொடுப்பது. சிலருக்கு ஆரி கற்றும் கொடுக்கிறேன்.

தையல் சேவை என்று நினைத்து சேவைப் பிரிவில் தேடினேன், கிடைக்கவில்லை. அப்புறம் பார்த்தால், அளவெடுத்துத் தைப்பது 14105, Custom tailoring என்று உற்பத்தியின் கீழ் இருக்கிறது. அது சரி. ஆரிக்குத்தான் குழப்பம். அதுவும் உற்பத்திதான், ஆனால் ஜவுளிப் பிரிவான 13-இன் கீழ் எம்பிராய்டரி ஒரு எண், ஜரிகை வேலை வேறு எண். நான் ஜரிகை நூல் பயன்படுத்துகிறேன், ஆனால் செய்வது எம்பிராய்டரி என்றே படுகிறது. வகுப்பு மட்டும் கல்விச் சேவை, பிரிவு 85.

ஒன்றுக்கு மேற்பட்ட எண் சேர்க்கலாம் என்பதால் மூன்றையும் சேர்த்து, முதன்மைச் செயல்பாட்டை உற்பத்தி என்று போடலாமா? வகுப்பைச் சேர்த்தால், தையல் மெஷின் கடன் கேட்கும்போது வங்கியில் கேள்வி வருமா? ஆரி வேலைக்குப் பதிவு செய்தவர்கள் உங்கள் சான்றிதழில் உள்ள ஐந்து இலக்க எண்ணை மட்டும் சொல்லுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.