தளம் போட்டதில் சிமெண்ட் கணக்கு உதைக்கிறது, நாளை சம்பள நாள், உதவி தேவை

செல்வி_புதுக்கோட்டை:
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். வீட்டுத் தளம் போட்டு முடித்தாகிவிட்டது. எஞ்சினியர் சொன்னதைவிட 20 மூட்டைக்கு மேல் சிமெண்ட் போயிருக்கிறது. கேட்டால் மேஸ்திரி "அவ்வளவுதான்மா பிடிக்கும்" என்கிறார். கம்பியிலும் சந்தேகம் இருக்கிறது. மணலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாளை சனிக்கிழமை, சம்பளம் கொடுக்க வேண்டும். மூட்டைக்கான பணத்தைப் பிடித்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரூர்க்காரன்:
எத்தனை சதுர அடி? எத்தனை இன்ச் தளம்? எந்தக் கலவை? சிமெண்ட் நீங்கள் வாங்கித் தருகிறீர்களா, அவர் கொண்டுவருகிறாரா? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

கோவை_பில்டர்:
இதே கேள்வி மாதம் ஒரு முறை வருகிறது. பழைய இழைகளை யாரும் படிப்பதில்லை. சதுர அடிக்கு 0.4 மூட்டை என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. 1000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை. அதற்குள் இருந்தால் பேசாமல் வேலையைப் பாருங்கள்.

பழைய_சைட்:
பில்டர் சார், அது அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை முழு வீட்டுக்கும் பட்ஜெட் போட உதவும் கணக்கு. ஒரு நாள் வேலையில் எவ்வளவு போனது என்று பிடிக்க அது உதவாது. 20 மூட்டை கூடுதலாகப் போனாலும் 400 என்ற எண்ணுக்குள் அது காணாமல் போய்விடும்.

செல்வி மேடம், கரூர்க்காரர் கேட்டதைச் சொல்லுங்கள். அதோடு இன்றே குடோனில் இருக்கும் மூட்டைகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். வந்தது எவ்வளவு, நோட்டுப்படி வெளியே எடுத்தது எவ்வளவு, மீதி எவ்வளவு இருக்க வேண்டும், உண்மையில் எவ்வளவு இருக்கிறது? இந்த நான்கும் தெரிந்தால்தான் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தேட முடியும்.

மழைத்துளி:
எங்கள் வீட்டிலும் சிமெண்ட் பிரச்சினைதான். மழையில் 12 மூட்டை கட்டி பிடித்துவிட்டது. சலித்துப் பூச்சுக்குப் பயன்படுத்தலாமா?

கரூர்க்காரன்:
கையால் நசுக்கி உடையாத கட்டி இருந்தால் வேண்டாம். அப்புறம், இது வேறு கேள்வி, தனி இழையாகப் போடுங்கள்.

செல்வி_புதுக்கோட்டை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். லேபர் கான்ட்ராக்ட்தான், சாமான் எல்லாம் நாங்கள் வாங்கித் தருகிறோம். தளம் 1000 சதுர அடி, 5 இன்ச். பீம் தொங்கும் பகுதி மட்டும் தனியாக சுமார் 100 கன அடி. எம்20, கலவை மெஷின் வைத்துப் போட்டார்கள். எஞ்சினியர் 117 மூட்டை என்றார். நோட்டில் 140 எடுத்ததாக இருக்கிறது. நோட்டு எழுதுவது வாட்ச்மேன். குடோனில் எண்ணினேன், 46 இருக்கிறது. நோட்டிலும் 46 என்றுதான் மீதி வருகிறது.

மேஸ்திரி_மகன்:
அக்கா, வருத்தமாக இருக்கிறது. எடுத்தவுடன் மேஸ்திரியைத் திருடன் ஆக்கிவிடுகிறார்கள். என் அப்பா இதே தொழில்தான். தளம் போடும் நாள் விடியற்காலையில் ஏறினால் இருட்டியபின்தான் இறங்குவார். மூட்டை தூக்கிக்கொண்டு போக அவருக்கு எங்கே நேரம்? சென்ட்ரிங் லெவல் சரியில்லாவிட்டால் கான்கிரீட் கூடத்தான் பிடிக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

கோவை_பில்டர்:
தம்பி, உணர்ச்சிவசப்படாதீர்கள். 140க்கும் 117க்கும் இடையே 23 மூட்டை. இது சென்ட்ரிங் லெவலில் போகிற அளவு இல்லை. பணத்தைப் பிடியுங்கள், தானாக உண்மை வரும்.

பழைய_சைட்:
நிதானமாகப் பார்ப்போம். நோட்டும் குடோனும் ஒத்துப்போகிறது என்பதால், கதவைத் திறந்து யாரும் எடுக்கவில்லை என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். கூடுதல் எல்லாம் "எடுத்தாகிவிட்டது" என்று எழுதிய பிறகு நடந்தது. அது கலவைக்குள் போயிருக்கலாம், அல்லது திறக்காத மூட்டையாகவே வெளியே போயிருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் 117 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1000 சதுர அடி, 5 இன்ச் என்றால் 417 கன அடி. பீம் சேர்த்து 517. எம்20-இல் ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 4.4 கன அடி கான்கிரீட் கிடைக்கும். வகுத்தால் 117. எஞ்சினியர் கணக்கு சரி. ஆனால் அது தளம் எங்கும் சரியாக 5 இன்ச் இருந்தால், மணலும் சரியாக அளந்து போட்டிருந்தால் மட்டும்.

தம்பி சொன்ன லெவல் விஷயம் சின்னது இல்லை. சராசரியாக அரை இன்ச் கூடினாலே 42 கன அடி கூடுதல், அதாவது ஒன்பதரை மூட்டை. படிக்கட்டு ஓட்டை ஓரம், பைப் விட்ட ஓட்டைகள், வெளி விளிம்பு என்று ஏழெட்டு இடத்தில் டேப் வைத்து அளந்து சராசரி எடுங்கள்.

இரண்டாவது மணல். அன்றைக்கு ஈரமாக இருந்ததா? பெட்டியால் அளந்தார்களா, சட்டியால் அள்ளிப் போட்டார்களா?

செல்வி_புதுக்கோட்டை:
எம்-சாண்ட். முந்தின நாள் மழை, நனைந்துதான் இருந்தது. முதலில் பெட்டி வைத்தார்கள், பிறகு வேகத்துக்குச் சட்டியில் போட்டதைப் பார்த்தேன். மணலுக்கும் சிமெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_சைட்:
நிறைய இருக்கிறது. ஈர மணல் உப்பும். துகள்களைச் சுற்றி ஒட்டிய நீர் அவற்றைத் தள்ளி நிறுத்தும். ஈரம் நாலைந்து சதவீதம் இருந்தால் பொடி மணல் கால்வாசிக்கு மேல்கூட உப்பிக் காட்டும், கரடாக இருந்தால் குறைவு. அளவு மாற்றாமல் அதே பெட்டியில் போட்டால் உள்ளே போகும் மணல் குறைவு. மணல் குறைந்தால் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும் கான்கிரீட்டும் குறையும். 4.4க்குப் பதில் 4.2 வந்தது என்று வையுங்கள். அரை இன்ச் கூடுதலையும் சேர்த்து 559 கன அடிக்கு 133 மூட்டை ஆகிவிடும். யாரும் திருடாமலேயே 16 மூட்டை கூடுதல். சட்டியால் போட்டால் இதுவும் நிலையாக இருக்காது, ஒரு கலவைக்கும் அடுத்ததற்கும் மாறும்.

மீதி ஆறேழு மூட்டைதான் உண்மையான கேள்வி. அதற்குக் காலிச் சாக்குகளை எண்ணுங்கள். 140 உடைத்தால் 140 காலிச் சாக்கு இருக்க வேண்டும்.

கரூர்க்காரன்:
இதில் ஒரு சிக்கல். சென்ட்ரிங் இடுக்குகளை அடைக்கக் காலிச் சாக்கைத்தான் திணிப்பார்கள். சித்தாள்கள் வீட்டுக்கும் எடுத்துப் போவார்கள். சாக்கு குறைவதால் மட்டும் மூட்டை போனது என்று சொல்ல முடியாது. அடுத்த முறை காலிச் சாக்கை 25 ஆகக் கட்டி ஒப்படைத்தால்தான் அடுத்த 25 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், அன்றன்றைக்கே தெரிந்துவிடும்.

மணல்_அனுபவம்:
மணல் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எனக்கு யூனிட் என்று வந்த லோடு 100 கன அடி இல்லை. கொட்டுவதற்கு முன் லாரியில் ஏறி, நடுவில் குவித்திருந்ததைச் சமப்படுத்தி, கம்பி விட்டு நாலு மூலையிலும் நடுவிலும் ஆழம் பார்த்தேன். 84 கன அடிதான் வந்தது. அதிலிருந்து எடைமேடை ரசீது இல்லாமல் வாங்குவதில்லை. எடைதான் சரி.

கோவை_பில்டர்:
எடையில் வாங்கினால் தண்ணீருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். ஈர மணலில் எத்தனை கிலோ தண்ணீர் என்று பார்த்தீர்களா?

மணல்_அனுபவம்:
கன அடியில் வாங்கினால் காற்றுக்குப் பணம் கொடுக்கிறேன். உப்புதல் 20 சதவீதம், தண்ணீர் 5 சதவீதம். எது அதிக நஷ்டம்?

கோவை_பில்டர்:
தண்ணீர் சொட்டச் சொட்ட ஏற்றி அனுப்புகிறார்கள் சார், 5 இல்லை. களத்துக்கு வந்து பாருங்கள்.

கரூர்க்காரன்:
இரண்டு பேரும் சொல்வது இரண்டு விதமான லோடு. கேள்வி கேட்டவரைக் கொஞ்சம் கவனிப்போம்.

கம்பிக்கடை:
மேடம் கம்பியிலும் சந்தேகம் என்றார், அதை யாரும் தொடவில்லை. விட்டத்தின் வர்க்கத்தை 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எடை. 12 மிமீ கம்பி 12 மீட்டர் நீளத்துக்கு 10.67 கிலோ. கடையில் எடை குறைந்து வந்தால் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைப்பார்கள். அது முழுக்கச் சரியில்லை. 12 மிமீ கம்பிக்கு இந்தியத் தரநிலையே 5 சதவீதம் கூடவோ குறையவோ விடுகிறது.

எடை போட்டு வாங்கினால் இதில் உங்களுக்கு நஷ்டமில்லை. 1 டன்னுக்குக் கணக்குப்படி 94 கம்பி, 4 சதவீதம் லேசாக இருந்தால் 97, 98 கம்பி வரும். எண்ணி வாங்கி, முழு எடைக்குப் பணம் கொடுத்தால்தான் நஷ்டம்.

பழைய_சைட்:
கம்பிக்கடை சொன்னதில்தான் களவு ஒளிந்துகொள்ளும். டிராயிங்கில் கம்பி அளவுகளைக் கூட்டி, 162 கணக்கில் எடையாக்கி, 1 டன் வேலைக்குள் போயிருக்கிறது என்று காட்டுவார்கள். பில்லிலும் 1 டன், கணக்கு நேர். ஆனால் கூடுதலாக வந்த மூன்று நான்கு கம்பி எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் லோடு இறங்கும்போதே எடை, எண்ணிக்கை இரண்டையும் சைஸ்வாரியாக எழுதுங்கள். பிறகு வெட்டிய துண்டுகளை எடை போட்டு அதையும் சேருங்கள். துண்டு போகட்டும் என்று விட்டால், துண்டு என்ற பெயரில் ஆறு அடிக் கம்பியும் போகும்.

மேஸ்திரி_மகன்:
இதை ஒத்துக்கொள்கிறேன். துண்டு விற்கிற வேலை பல சைட்டில் நடக்கிறது. ஆனால் டீக்காசு என்று ஓனரே எடுத்துக்கொள்ளச் சொன்ன இடமும் உண்டு. முதலிலேயே பேசிக்கொண்டால் பிரச்சினை இல்லை.

செல்வி_புதுக்கோட்டை:
எல்லோருக்கும் நன்றி. ஏழு இடத்தில் அளந்தேன், சராசரி ஐந்தரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல். படிக்கட்டுப் பக்கம் 6 இன்ச்சே இருக்கிறது. காலிச் சாக்கு 134. கீழிருந்து பார்த்தால் சென்ட்ரிங் இடுக்கில் ரெண்டு மூணு சாக்கு தெரிகிறது. மேஸ்திரிக்குச் சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டேன். திங்கள் முதல் நோட்டு என் மாமனார் கையில்.

கோவை_பில்டர்:
மீதி மூன்று நான்கு சாக்குக்கு என்ன பதில்?

பழைய_சைட்:
இதை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அன்று காலையிலும் மாலையிலும் எண்ணியிருந்தால் தெரிந்திருக்கும். இடுக்கில் தெரிவதையும் சேர்த்து 136, 137 உடைத்தது என்றால் நான் போட்ட 133-க்கு அருகில் வருகிறது, மெஷின் கழுவியதும் தூண் தலையில் ஊற்றிய சிமெண்ட் பாலும் சேர்ந்தால் இன்னும் நெருங்கும். பணம் பிடிக்காதது சரிதான்.

மேடம், அடுத்து கட்டு வேலையா, பூச்சா? பூச்சு என்றால் 100 சதுர அடியைக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு மூட்டை மட்டும் கொடுத்து உங்கள் முன்னால் பூசச் சொல்லுங்கள். 12 மிமீ கனம், 1க்கு 5 கலவை என்றால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். சுவர் கோணலாக இருந்து கனம் 20 மிமீ போனால் ஒன்றரை மூட்டை பிடிக்கும். அந்த வீட்டின் சுவருக்கு என்று ஒரு எண் கையில் வந்துவிட்டால், பிறகு வாராவாரம் அதை வைத்தே கேட்கலாம்.

கம்பிக்கடை:
கம்பி எண்ணிக்கை எழுதியிருக்கிறீர்களா மேடம்? எடை ரசீது மட்டும்தான் இருக்கிறதா?

கம்பிக்கடை:
மேடம்? மேல் மாடித் தூணுக்கு அடுத்த லோடு இறங்கும் முன் பதில் போட்டால் எப்படி எழுதுவது என்று சொல்கிறேன்.