பள்ளித் திறப்பு விழா நன்றியுரை: பேசியதும், பேசாமல் விட்டதும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

நம் தொடக்கப்பள்ளிக் கட்டடம் திறந்தாயிற்று. நன்கொடையாளர் சார்பில் நான்தான் பேசினேன். வர முடியாதவர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

நன்றியுரை என்றாலே கடைசியில் பேசுவது, பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்தலுக்கு எழுந்துவிடுவார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை டீச்சர் அதை வரவேற்புரைக்கு அடுத்து வைக்கச் சொன்னார். "பிள்ளைங்க வெயில்ல உக்காந்திருக்கும், அஞ்சு நிமிஷத்துல முடி" என்பது அடுத்த கட்டளை.

என் முதல் வரைவைப் படித்த டீச்சர், நன்கொடையாளர்களுக்கு ஒன்றரைப் பக்கம், கடைசி வரியில் "அன்புக் குழந்தைகளுக்கும்" என்று இருந்ததை அடித்துவிட்டார். பாரிஸ் மாமா போனில், "பிள்ளைங்களுக்குத்தானே கட்டினோம், அவங்க என்ன குடுத்தாங்க?" என்றார். அதற்கும் டீச்சரிடம் பதில் இருந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் பாதி ஓடு பறந்த பழைய கட்டடம் ஒட்டுப்போட்டு ஓடிக்கொண்டிருந்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழுதான கட்டடங்களை இடிக்கச் சொன்னதில் நம்முடையதும் போனது. அப்புறம் வகுப்பெல்லாம் சமுதாயக்கூடத்தில்தான். முகூர்த்த நாளில் கூடத்தைக் கல்யாணத்துக்கு விட்டுவிட்டு, பையும் கரும்பலகையுமாக மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குப் போவார்கள். மறுநாள் வந்தால் தரையில் சாம்பார் காய்ந்திருக்கும்.

ஆகவே மேடையில் இப்படிச் சொன்னேன்:

"செலவில் மூன்றில் ஒரு பங்கை ஊர்க்காரர்கள் தந்தோம். மீதி 'நமக்கு நாமே' திட்டத்தில் அரசுப் பணம், அதாவது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருடைய வரி. நாங்கள் தந்தது பணம். நீங்கள் கூடத்துக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து இந்தப் பள்ளியைக் காலியாகாமல் வைத்திருந்தீர்கள். நீங்கள் வேறு பள்ளிக்குப் போயிருந்தால் இந்தக் கட்டடத்தைக் கேட்க எங்களுக்குக் காரணமே இருந்திருக்காது. அப்புறம், கை கழுவும் குழாய் எட்டவில்லை என்று மேஸ்திரியைப் பிடித்து இழுத்துக் காட்டியது மூன்றாம் வகுப்பு. தொட்டியை ஒரு சாண் இறக்கியது அதனால்தான்."

மூன்றாம் வகுப்பு வரிசை கத்திய கத்தலில் அடுத்த வரி யாருக்கும் கேட்கவில்லை.

பிறகு பெயர்கள். தொகை சொல்லாமல், அகர வரிசையில், நன்கொடையாளர் ஐந்து பேருக்கு ஒரு வகுப்பு என்று கலந்து வாசித்தேன். வகுப்புப் பெயர் வந்ததும் பிள்ளைகள் எழுந்து நிற்க, கைதட்டல் எல்லாருக்கும் ஒரே அளவில் விழுந்தது. பெயர் வேண்டாம் என்ற இரண்டு பேரையும் வாசிக்கவில்லை, ஊருக்கே தெரியும் என்றாலும்.

இரண்டு விஷயத்தை வேண்டுமென்றே விட்டேன். கான்கிரீட்டுக்குப் பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள் என்று சேர்க்கச் சிலர் சொன்னார்கள். நனைத்தது மேஸ்திரியின் ஆட்கள்தான். உண்மையாகவே சுமந்திருந்தாலும் அது பாராட்டும் விஷயமில்லை, பள்ளியைக் கேள்வி கேட்கும் விஷயம் என்றார் டீச்சர். இன்னொன்று உண்டியல் காசு. போட முடியாத பிள்ளை மேடைக்கு எதிரே தலையைக் குனிய வேண்டியிருக்கும்.

பாரிஸ் மாமா விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து பணம் வந்தாலே தடைதான் என்று அவர் எல்லாரையும் பயமுறுத்திவிட்டார். ஆடிட்டர் சொன்னது வேறு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாகத் தன் சம்பாத்தியத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. மாமா பிரெஞ்சுக் குடிமகன், நம் சங்கத்துக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்கும் பதிவு இல்லை, அதனால் அவர் பணத்தைத்தான் வாங்க முடியவில்லை. ஆனால் வரைபடத்தை உட்கார்ந்து பார்த்து, மழைநீர் வாசலுக்கே வரும் என்று கண்டுபிடித்தவர் அவர். பட்டியலில் அவர் பெயரும் வந்தது. 'காசு கொடுக்காதவன் பெயர் எதற்கு' என்று மாமாவே இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

குவைத் அண்ணன் இதற்கு நடுவே, அப்பா நினைவாகத் தந்த மின்விசிறி இறக்கையில் 'உபயம்' எழுதலாமா என்று கேட்டார். சுற்றும்போது யார் படிப்பார்கள் அண்ணே! வகுப்பறைக்குள் பெயரே வேண்டாம் என்று பள்ளி மேலாண்மைக் குழு சொல்லிவிட்டது.

கல்வெட்டில்தான் இன்னும் இழுபறி. தொகை வரிசையில் வேண்டும் என்று நாலைந்து பேர் நிற்கிறார்கள். அகர வரிசையும், கீழே அதே அளவு எழுத்தில் 'சமுதாயக்கூடத்தில் படித்த ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு மாணவர்கள்' என்ற வரியும் போதும் என்பது என் கட்சி. கல்தச்சர் அடுத்த வாரம் உளி எடுக்கிறார். எந்த வரிசை வந்தாலும் இனிஷியல் சரியாக இருக்க வேண்டும், உங்கள் பெயரை எப்படி வெட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.