‘வாசிப்பு வரிசை’க்கு மாற்றுச்சொல் தேவை: ஆய்வுச் சுவரொட்டி வழிகாட்டிக்காக

செண்பகம் எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

கல்லூரிக் கருத்தரங்கில் ஆய்வுச் சுவரொட்டி வைக்கப்போகும் மாணவர்களுக்கு இரண்டு பக்க வழிகாட்டி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வாக்கியம்: “உரையை மூன்று பத்திகளாகப் பிரித்து, வாசிப்பு வரிசை தெளிவாகத் தெரியும்படி அமைக்கவும்.” இந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு சொற்கள் என்னைக் கவிழ்த்துவிட்டன.

ஒரு குழு ‘மூன்று பத்தி’ என்பதை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று நீண்ட பத்திகளை எழுதிக்கொண்டு வந்தது. அவர்கள்மீது குற்றமில்லை. கட்டுரையில் பத்தி என்றால் அதுதானே!

இன்னொரு குழுவின் ஆய்வு, சூரிய மின்தகடுகளில் தூசு படிவதால் மின்சாரம் எவ்வளவு குறைகிறது என்பது. அவர்கள் ‘வரிசை’யைக் கிடைவரிசை என்று படித்திருக்கிறார்கள். அகலவாக்கில் வைத்த ஏ0 தாளில், ஒரே அளவில் ஆறு கட்டங்கள். மேல் வரிசையில் கேள்வி, கருவி அமைப்பு, அளந்த முறை. கீழ் வரிசையில் முடிவு, விளக்கம், முடிவுரை. முன்னோட்டத்துக்கு வந்த ஒருவர் இடப்புறத்தில் மேலிருந்து கீழே படித்தார். கேள்விக்கு அடுத்து முடிவு வந்தது. அதன்பின் கருவி அமைப்பு வந்தது. “எதை எப்படி அளந்தீர்கள் என்றே சொல்லாமல் முடிவுக்குப் போய்விட்டீர்களே” என்றார். அந்தப் பிள்ளைகள் திகைத்துப்போனார்கள்.

மேலிருந்து கீழாக ஓடும் அந்தப் பட்டைக்கு ஒரு சொல்லும், கண் போகவேண்டிய ஒழுங்குக்கு ஒரு சொல்லும் வேண்டும். உதவுங்கள்.

தேவநாதன் எழுதியது:

சகோதரி, முதலில் ‘சுவரொட்டி’யையே மாற்ற வேண்டும். சுவரொட்டி என்றதும் பசையும் தேர்தலும்தான் நினைவுக்கு வருகின்றன. அறிஞர் அவையில் வைப்பதற்கு அந்தச் சொல் பொருந்தாது. ‘ஆய்வுப் பதாகை’ என்று வைத்தால் மதிப்பாக இருக்கும்.

அருள்மொழி எழுதியது:

தேவநாதன் ஐயா, பதாகை என்றால் அச்சகத்தில் துணியில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். செண்பகம் அம்மா கேட்டதும் அதையல்ல. சுவரொட்டி இப்போதைக்கு இருக்கட்டும்.

நான் பல ஆண்டுகளாகப் பக்க வடிவமைப்பில் இருக்கிறேன். அந்தத் தூசுக் குழுவின் சிக்கலைச் சொல்லால் மட்டும் தீர்க்க முடியாது என்று நினைக்கிறேன். ஒரே உயரத்தில் ஆறு கட்டங்களை நிறுத்தி, எல்லாப் பக்கமும் ஒரே இடைவெளி விட்டால், குறுக்கே போவதா கீழே போவதா என்று கண்ணுக்குத் தெரியாது. அருகில் இருப்பதைத்தான் கண் ஒன்றாகச் சேர்க்கும். பட்டைகளுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் விட்டு, ஒரே பட்டைக்குள் மேலும் கீழுமாக உள்ள கட்டங்களுக்கு நடுவே 15 மட்டும் விட்டுப் பாருங்கள். யாரும் சொல்லாமலே கண் கீழே இறங்கும். கட்டங்களின் உயரமும் சமமாக இருக்கக் கூடாது. முதல் பட்டையில் கேள்வி சிறியதாக, செய்முறை பெரியதாக. நடுப்பட்டையில் வரைபடமே முக்கால் இடத்தைப் பிடிக்கட்டும். குறுக்கே ஒரே கோடாக ஓடும் விளிம்பு உடைந்தவுடன் வரிசை என்ற மயக்கமும் போய்விடும். ஐயம் இருந்தால் தலைப்புகளுக்கு எண் இடுங்கள்.

கிடைவரிசையாகப் படிக்கவைப்பது ஏன் தவறு என்பதையும் வழிகாட்டியில் எழுதுங்கள். ஏ0 தாளின் அகலம் 1189 மில்லிமீட்டர். அதன் முன்னால் நாலு பேர் நிற்கும்போது, ஒருவர் வலக்கோடி வரை போய் மறுபடி இடக்கோடிக்கு வந்து இரண்டாம் வரிசையைத் தொடங்க வேண்டுமென்றால், மற்ற மூவரையும் இடித்துக்கொண்டுதான் வர வேண்டும். கீழ்நோக்கிப் படித்தால் ஒவ்வொரு பட்டை முடிந்ததும் ஓர் அடி நகர்ந்தால் போதும்.

எங்கள் தொழிலில் அந்தப் பட்டைக்கு ஆங்கிலச் சொல்லையே எடுத்துக் ‘காலம்’ என்று சொல்வோம். எழுத்தில் அது உதவாது.

இன்பா எழுதியது:

வணக்கம். நான் கணிப்பொறி மாணவி. இது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம் இல்லையா? பள்ளிக் கணிதத்தில் அணிக்கோவை படிக்கும்போதே கிடையாகப் போவது நிரை, நெடுக்காக வருவது நிரல் என்று படித்துவிட்டோம். ‘மூன்று நிரல்கள்’ என்று எழுதினால் எந்த மயக்கமும் வராது.

மெய்யப்பன் எழுதியது:

இன்பா சொன்னதில் பாதி சரி. நிரை, நிரல் நல்ல இணை. ஆனால், அம்மா, உங்கள் துறையிலேயே ‘நிரல்’ என்று எதைச் சொல்கிறீர்கள்? கணிப்பொறிக்கு எழுதும் ஆணைத் தொகுப்பை அல்லவா? ‘நிரல்களைச் சுவரொட்டியில் மூன்றாக அமைக்கவும்’ என்று உங்கள் வகுப்பில் சொன்னால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இன்னொன்றும் இருக்கிறது. ‘நிரல்’ என்பதன் பழைய பொருளே ஒழுங்கு, வரிசை. நிரல்நிறை அணி அப்படித்தான் பெயர் பெற்றது. ஆகவே ‘வரிசை’யில் நேர்ந்த அதே விபத்து இங்கும் நேரும்.

பட்டைக்கு நான் ‘நெடும்பத்தி’ என்பேன். செய்தித்தாளில் பத்தி என்று வழங்குவதையும் விடாமல், கட்டுரைப் பத்தியிலிருந்து பிரித்தும் காட்டும்.

கண் போகும் ஒழுங்குக்கு நம் இலக்கணத்திலேயே வளமான இடம் ஒன்று உண்டு. சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடரும் நிலையை நன்னூல் நான்காகச் சொல்கிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆறு இடையறாமல் ஓடுவதுபோல் ஒன்றையடுத்து ஒன்று வருவது முதலாவது. சிங்கம் முன்னும் பின்னும் திரும்பிப் பார்ப்பது இரண்டாவது. இடைவிட்டுத் தாவுவது மூன்றாவது. வானிலிருந்து நேரே இரைமீது விழுவது நான்காவது. அருள்மொழி சொல்லும் அமைப்பு ஆற்றொழுக்குத்தான். ‘வாசிப்பொழுக்கு’ என்று வையுங்கள்.

அருள்மொழி எழுதியது:

மெய்யப்பன் ஐயா, இதைப் படித்துவிட்டு நெடுநேரம் யோசித்தேன். சுவரொட்டி முன் நிற்கும் மனிதர்கள் உண்மையில் செய்வது இந்த நான்கையும்தான்! அரங்கின் அந்தக் கோடியிலிருந்து வருகிறவர் முதலில் நடுவிலுள்ள வரைபடத்தின்மேல் பருந்தாக விழுகிறார். பிடித்திருந்தால் நின்று, இது எதற்கு என்று இடப்பக்கக் கேள்வியைத் திரும்பிப் பார்க்கிறார். செய்முறையைத் தாண்டிக் கடைசிக்குத் தாவுகிறார். மேலிருந்து கடைசிவரை ஆறாக ஓடிப் படிப்பவர் மிகச் சிலர்.

2019-இல் மைக் மாரிசன் என்ற ஆய்வாளர் பரப்பிய அமைப்பு இந்தப் பருந்துக்காகவே செய்ததுபோல் இருக்கும். தாளின் நடுவில் முதன்மைக் கண்டுபிடிப்பை எளிய ஒரே வாக்கியமாகப் பெரிய எழுத்தில் எழுதி, விவரங்களை ஓரப் பட்டைகளுக்குத் தள்ளிவிடுவார். தூசுக் குழுவுக்கு அந்த வாக்கியம் “படுக்கையாக வைத்த தகட்டைவிடச் சாய்த்து வைத்த தகட்டில் தூசு குறைவாகப் படிகிறது” என்பதாக இருக்கலாம். இப்போது அவர்கள் தலைப்பில் என்ன இருக்கிறது?

செண்பகம் எழுதியது:

தலைப்பு “சூரிய ஒளி மின்தகடுகளின் செயல்திறன்மீது தூசுப் படிவின் தாக்கம் குறித்த ஓர் ஆய்வு.” நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கே நாணமாக இருக்கிறது. என்ன கண்டார்கள் என்பது அதில் எங்கும் இல்லை.

ஒரு கேள்வி. ‘ஒழுக்கு’ என்றால் மாணவர்களுக்குக் கூரை ஒழுகுவது நினைவுக்கு வராதா? எனக்கு ‘வாசிப்புத் தடம்’ பிடித்திருக்கிறது. கண்ணின் போக்கும் கால் நகர்வதும் இரண்டுமே அதில் அடங்குகின்றன.

மெய்யப்பன் எழுதியது:

தடம் என்பது நடந்தபின் பதிவது, அம்மா. நாம் தேடுவது நடப்பதற்கு முன் வகுப்பது. தாளை அமைத்தவர் எண்ணிய ஒழுங்கு ஒன்று. வந்தவரின் கண் போன வழி மற்றொன்று. இரண்டும் வேறாகிப்போனதால்தானே உங்களுக்குச் சிக்கலே வந்தது? இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், எது எதிலிருந்து விலகியது என்று பேசவே முடியாமல் போகும். முன்னதற்கு வாசிப்பொழுக்கு, பின்னதற்குப் பார்வைத்தடம். கூரை ஒழுக்கு நினைவுக்கு வந்தால் வரட்டும். ஆற்றொழுக்கான நடை என்று இன்றும் எழுதுகிறோம்.

இன்பா எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஐயா. அப்படியானால் சோதித்தும் பார்க்கலாம். ஆய்வைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரைச் சுவரொட்டியின் முன் நிறுத்தி, எதைப் படிக்கிறாரோ அதை விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொல்லுங்கள். நாம் ஒரு சிறு தாளில் கட்டங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டால் அதுதான் அவருடைய பார்வைத்தடம். இப்படி மூன்று பேரை வைத்துப் பார்த்து, மூவரும் ஒரே இடத்தில் தடம் மாறினால், தவறு அந்த இடத்தின் அமைப்பில் இருக்கிறது.

என் பழைய சுவரொட்டியில் எல்லாரும் நின்றுபோன இடம் வேறு. ‘முடிவுகள்’ என்று ஒரு கட்டம், ‘முடிவு’ என்று ஒரு கட்டம். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டாவதைப் படிக்காமலே போனார்கள்.

மெய்யப்பன் எழுதியது:

‘கண்டவை’, ‘கொண்ட முடிவு’ என்று வையுங்கள். ஒன்று கண் கண்டது. மற்றது அதிலிருந்து நாம் கொண்டது.

தேவநாதன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் எவ்வளவு எழுதுவது என்று யாருமே சொல்லவில்லையே? ஐந்நூறு சொல் என்று எங்கோ படித்த நினைவு.

அருள்மொழி எழுதியது:

ஐயா, அது ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘படிந்துவிட்டதிலிருந்து’ என்று நாம் ஒரே சொல்லில் எழுதுவதற்கு அவர்களுக்கு மூன்று நான்கு சொல் ஆகும். ஐந்நூறு தமிழ்ச் சொல்லை ஏற்றினால் தாள் நிரம்பி வழியும். நான் முந்நூறு முதல் முந்நூற்றைம்பதுக்குள் நிறுத்தச் சொல்வேன். இது என் கைப்பழக்கத்தில் வந்த அளவு. இலக்கணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொல் எண்ணுவதைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. ஏ0 தாளின் நீளமும் அகலமும் ஏ4 தாளைப்போல் நான்கு மடங்கு. அதனால் முழுச் சுவரொட்டியையும் ஒரு ஏ4 தாளில் அச்சிட்டு, வழக்கமாகப் படிக்கும் தொலைவில் பிடித்துப் படியுங்கள். 24 புள்ளி எழுத்து அங்கே 6 புள்ளியாகிவிடும். ஆங்கிலத்தில் அதை ஒருவாறு படித்துவிடலாம். தமிழில் ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘ன’வாகத் தெரியும். ஆகவே 28-க்குக் குறையாமல் வையுங்கள், 32 இன்னும் நல்லது. இடம் போதவில்லையென்றால் எழுத்தைச் சுருக்காதீர்கள், உரையை வெட்டுங்கள். தூசுக் குழு கருவி அமைப்பைப் பதினைந்து வரியில் விவரித்திருந்தால், தகடு, சாய்வுக்கோணம், அளவிக் கருவி மூன்றையும் காட்டும் ஒரு கோட்டுப்படம் போதும். அதன்கீழ் இரண்டு வரி.

இரு ஓரத்தையும் சமப்படுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடச் சொல்லுங்கள். நம் நீண்ட சொற்கள் நெடும்பத்திக்குள் நுழையும்போது நடுநடுவே வெள்ளைப் பொத்தல்கள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒட்டி நிற்கட்டும்.

செண்பகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

“தாளை மூன்று நெடும்பத்திகளாகப் பிரிக்கவும். ஒவ்வொன்றும் மேலிருந்து கீழாக, பின் இடமிருந்து வலமாகச் செல்வதே வாசிப்பொழுக்கு. நெடும்பத்திகளுக்கு இடையிலான வெளி, கட்டங்களுக்கு இடையிலான வெளியைவிட இரு மடங்குக்குக் குறையாமல் இருக்கட்டும். அச்சிடும் முன் மூவரின் பார்வைத்தடத்தைக் குறித்துப் பார்க்கவும்.”

தூசுக் குழு நேற்று மறுபடி அமைத்துக்கொண்டு வந்தது. இருவரின் தடம் ஒழுக்கோடு ஒத்துப்போனது. மூன்றாமவர் நேரே நடுவிலிருந்த பெரிய வாக்கியத்தில் தொடங்கி, மேலே கேள்விக்குப் போகாமல், பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்தார். அந்த நடு வாக்கியம் வாசிப்பொழுக்கில் எத்தனையாவது? அதற்கு எண் இடுவதா, இடாமல் விடுவதா? அதற்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

தேவநாதன் எழுதியது:

‘முகப்புரை’ என்று வைக்கலாமே?

மெய்யப்பன் எழுதியது:

முகவுரை, முன்னுரையோடு குழம்பும். பருந்து விழும் இடம் அது. யோசித்து எழுதுகிறேன்.