தென்னாப்பிரிக்க மேட்ரிக் விடைத்தாள் மையத்தில் டிசம்பர் வேலை: கூட்டல் சரிபார்த்தவர்களின் அனுபவங்கள்

ஃபீனிக்ஸ், ஒரு தாய்:
வணக்கம். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு, பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வான மேட்ரிக்கின் விடைத்தாள் திருத்தும் மையம் ஒன்றில் தேர்வு உதவியாளராகச் சேர டிசம்பரில் அழைப்பு வந்திருக்கிறது. அவளே விடைகளைத் திருத்த வேண்டியிருக்குமோ என்று அஞ்சுகிறாள். இந்த வேலையைச் செய்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சாட்ஸ்வொர்த், முன்னாள் தேர்வு உதவியாளர்:
அக்கா, மகள் ஒரு விடையையும் திருத்த வேண்டியதில்லை. திருத்துவது ஆசிரியர்களின் பணி. அவர்கள் சிவப்புப் பேனாவால் இட்ட மதிப்பெண்கள் ஒன்றும் விடுபடாமல் கூட்டப்பட்டு, விடைத்தாளின் முகப்புக்கும் அங்கிருந்து மாணவர் பட்டியலாக உள்ள மதிப்பெண் தாளுக்கும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. முதல் நாள் இரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். நெருங்கிய உறவினர் யாரேனும் அந்த ஆண்டு தேர்வு எழுதியிருந்தால் அதை முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். திருத்தும் அறைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை.

நான் பார்த்தவற்றுள் ஒரு விடைத்தாளை மட்டும் சொல்கிறேன். அது உயிர் அறிவியல் முதல் தாள். மொத்தம் 150 மதிப்பெண், மூன்று கேள்விகள், ஒவ்வொன்றும் 50. எங்கள் மையத்தில் ஒரு ஆசிரியர் ஒரு கேள்வியை மட்டும் திருத்திவிட்டு விடைத்தாள் கட்டை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். அந்தத் தாளின் முகப்பில் 31, 14, 11 என்று எழுதி, மொத்தம் 56 என்று போட்டிருந்தது. கூட்டல் சரிதான். முகப்போடு நின்றிருந்தால் தாளை அப்படியே கட்டில் வைத்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் கடைசி வரை புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட கட்டளை. இரண்டு வெற்றுப் பக்கங்களைத் தாண்டியதும் பின்னட்டைக்கு முந்தைய பக்கத்தில் "2.4 தொடர்ச்சி" என்று ஆங்கிலத்தில் எழுதி, அரைப் பக்கத்துக்கு விடை இருந்தது. அந்தப் பக்கத்தில் சிவப்பு மையின் சுவடே இல்லை. மாணவர் இடம் போதாமல் பின்னால் சென்று எழுதியிருக்கிறார். இரண்டாம் கேள்வியைத் திருத்தியவரோ வெற்றுப் பக்கங்களைக் கண்டதும் தாள் முடிந்துவிட்டதாகக் கருதியிருக்கிறார்.

நான் பேனாவால் எதுவும் எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகி, மூத்த திருத்துநரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதே ஆசிரியரை அழைத்துத் திருத்தச் சொன்னார். ஆறு மதிப்பெண் கிடைத்தது. இரண்டாம் கேள்வியின் 14 இருபது ஆனது, மொத்தம் 62 ஆனது. பழைய எண்ணை ஒரே கோட்டால் அடித்து, புதிய எண்ணை அருகில் எழுதி, அவர்கள் இருவரும் கையொப்பமிட்டார்கள். அந்தத் தாளில் 37 விழுக்காடாக இருந்தது 41 ஆயிற்று.

டோங்காட், முன்னாள் களப்பணியாளர்:
நான் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை செய்தேன். எங்களுக்குக் கைக்கணினி கொடுத்து, வரைபடத்தில் எங்கள் பகுதியைக் குறித்து அனுப்பினார்கள். வாயிற்காவல் உள்ள குடியிருப்புகளில் நுழைவதே பெரும்பாடு. நிர்வாகக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெறாவிட்டால் காவலர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆகவே உங்கள் மகள் அடையாள அட்டையை எப்போதும் கழுத்தில் தொங்கவிட்டிருக்கட்டும். வேலைக்கான விண்ணப்பமும் நாங்கள் போட்டதைப் போலவே இணையவழியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாட்ஸ்வொர்த், முன்னாள் தேர்வு உதவியாளர்:
அண்ணா, அது வேறு வேலை. தேர்வு உதவியாளரை மாகாணக் கல்வித் துறையே எடுக்கிறது. வீடு வீடாகச் செல்ல வேண்டிய தேவை இதில் இல்லை. அக்காவின் மகளுக்கு அழைப்பும் ஏற்கெனவே வந்துவிட்டது.

லெனேசியா, ஒரு தந்தை:
இதற்கு இவ்வளவு கவலை எதற்கு? மதிப்பெண் விடுபட்டிருந்தால் ஜனவரியில் முடிவுகள் வந்த பிறகு மறுதிருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாமே. என் மகன் விண்ணப்பித்தான். அவனுக்கு நான்கு மதிப்பெண் கூடியது. எப்படியும் பிழை வெளிவந்துவிடும்.

மெரிபேங்க், ஓய்வுபெற்ற மூத்த திருத்துநர்:
தம்பி சொல்வது பாதி உண்மை. முடிவுகளுக்குப் பிறகு இரண்டு வழிகள் உண்டு. மறுதிருத்தத்தில் விடை முழுவதையும் மீண்டும் மதிப்பிடுகிறார்கள். மறுசரிபார்ப்பில் கூட்டலையும், திருத்தாமல் விட்ட விடை உண்டா என்பதையும் மட்டும் பார்க்கிறார்கள். சாட்ஸ்வொர்த் தங்கை கண்டுபிடித்தது இரண்டாவதில் சிக்கக்கூடிய பிழைதான். ஆனால் குறித்த தேதிக்குள் மாணவர் தாமே விண்ணப்பித்தால்தான் அது நடக்கும். தமக்கு மதிப்பெண் குறைந்திருக்கிறது என்று சந்தேகமே எழாத பிள்ளை விண்ணப்பிப்பதில்லை. அந்தப் பிள்ளையின் தாளை டிசம்பரில் பார்க்கிற இந்த உதவியாளரே கடைசி ஆள். அதனால்தான் நான் பணியிலிருந்த காலத்தில் இவர்களுடைய மேசையருகே அடிக்கடி போய் நிற்பேன்.

41 விழுக்காடு என்றதையும் விளக்க வேண்டும். உயிர் அறிவியல் பாடத்துக்கு 150 மதிப்பெண்ணில் இரண்டு தாள்கள், ஆண்டு முழுவதும் பள்ளியில் செய்த பணிக்கு 100, ஆக மொத்தம் 400. ஆறு மதிப்பெண் என்பது பாடத்தின் இறுதி மதிப்பெண்ணில் ஒன்றரை விழுக்காடு. 45இல் இருப்பவருக்கு அது எதையும் மாற்றாது. 39இல் இருப்பவரை இரண்டாம் நிலையிலிருந்து 40இல் தொடங்கும் மூன்றாம் நிலைக்கு ஏற்றிவிடும். டிப்ளோமா படிப்பில் இடம் கேட்கும்போது அந்த வேறுபாடு தெரியும். எந்தத் தாள் எல்லையில் நிற்கிறது என்று சரிபார்ப்பவருக்குத் தெரியாது என்பதால், எல்லாத் தாள்களையும் ஒரே கவனத்தோடு பார்க்க வேண்டியிருக்கிறது.

பிழை எங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், என் அனுபவத்தில் கூட்டலைவிட இடமாற்றத்தில்தான் அதிகம். உள்ளே 27 என்று இருக்கும், முகப்பில் 21 என்று ஏறும். ஏழு போடும்போது மேல்கோட்டை அழுத்தாமல் எழுதும் ஆசிரியர்களிடம் இது வரும். முகப்பிலிருந்து மதிப்பெண் தாளுக்கு எழுதும்போது ஒரு வரி நழுவினால் அதைவிட மோசம்: அதன் பிறகு ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் அடுத்தவருக்குப் போய்விடும். தேர்வுக்கு வராதவரின் வரியில் ஒரு மதிப்பெண் உட்கார்ந்திருந்தால், நழுவல் நடந்திருக்கிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம். கட்டில் உள்ள தாள்களை எண்ணி, மதிப்பெண் தாளில் வந்தவர்களாகக் குறித்த எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே கட்டைக் கட்ட வேண்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மாணவர்:
ஊதியம் பற்றி ஒன்று சொல்கிறேன். எங்களுக்கு மணிக்கணக்கில் கொடுத்தார்கள். கையில் வந்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. சீட்டைப் பார்த்தால் 25 விழுக்காடு வரி பிடித்திருந்தார்கள். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு அப்படிப் பிடிக்கும் முறை உண்டு. ஆண்டு வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்ததால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெற்றேன். 2025 வரி ஆண்டில் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அந்த வரம்பு 95,750 ராண்ட். ஊதியத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஐஆர்பி5 சான்றிதழை மகள் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

ஃபீனிக்ஸ், ஒரு தாய்:
அனைவருக்கும் நன்றி. இருவர் சேர்ந்து பார்ப்பார்களா, அல்லது ஒவ்வொருவரும் தனியாகவா?

சாட்ஸ்வொர்த், முன்னாள் தேர்வு உதவியாளர்:
எங்கள் மேசையில் ஒருவர் எண்களை வாசிப்பார், மற்றவர் மதிப்பெண் தாளைப் பார்த்துக் குறிப்பார். வரி நழுவலை உடனே பிடிக்க இது நல்ல முறை. ஆனால் உள்பக்கங்களைப் புரட்டுவதைத் தனியாகச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. துணைக்கு ஒருவர் காத்திருந்தால் கை தானாகவே வேகமெடுத்துவிடுகிறது.

மெரிபேங்க், ஓய்வுபெற்ற மூத்த திருத்துநர்:
எனக்கு அதில் உடன்பாடில்லை, தங்கையே. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் தனியாகப் பார்க்கிறவரின் கண் எழுத்தில் நிலைப்பதில்லை. நான் இரண்டு வேலைகளுக்குமே இருவரை வைத்தேன். கட்டுகள் முடியத் தாமதமானது, அதற்காகத் தலைமைத் திருத்துநரிடம் ஒவ்வொரு மாலையும் பேச்சு வாங்கினேன். மகள் போகும் மையத்தில் எந்த முறை என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளட்டும், அம்மா.